மரத்துப்போன கோடு எங்கே, அடி எங்கே: தண்டுவடக் காயத்தில் லெவலைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

தண்டுவடத்தில் அடிபட்டவரின் ஃபைலில் இரண்டு லெவல் இருக்கும். ஒன்று எம்ஆர்ஐ சொல்லும் எலும்பு லெவல். மற்றது, உடம்பைத் தொட்டும் அசைக்கச் சொல்லியும் பார்த்து எழுதுகிற நரம்பு லெவல். எந்த அசைவு போகும், எந்த உணர்ச்சி மிஞ்சும் என்பதை இரண்டாவதுதான் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குடும்பமும் புதிதாக வேலைக்கு வந்த பிசியோதெரபிஸ்டும் குழம்புகிறார்கள்.

தண்டுவடத்தில் ஒரு ஜோடி நரம்பு கிளம்பும் ஒவ்வொரு துண்டையும் படி என்கிறோம். லெவல் என்பது கெட்டுப்போன முதல் படி அல்ல, நன்றாக இருக்கும் கடைசிப் படி. "சி6 லெவல்" என்றால் கழுத்தின் ஆறாவது நரம்புப் படி வரை சரியாக இருக்கிறது, ஏழிலிருந்து கோளாறு என்று பொருள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் கணக்கு முழுக்க ஒரு படி தள்ளிப்போகும். இன்னொரு சங்கதி: நம்மூர் ரிப்போர்ட்டுகளில் நெஞ்சுப் பகுதி எலும்பை டார்சல் என்றும் தொராசிக் என்றும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான். தமிழில் எழுதினால் இரண்டுமே டி என்பது நமக்கு வசதி.

தொடுவதற்கு முன்

கழுத்து, முதுகு அசையாமல் இருக்க டாக்டர் ஏற்பாடு செய்த பிறகே இதைச் செய்ய வேண்டும். நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும், எழுப்பி உட்கார வைத்துப் பார்க்கக் கூடாது. ஒரு துண்டுப் பஞ்சு, ஒரு புது சேஃப்டி பின் போதும். பின்னின் கூர்முனையைக் குத்தலுக்கும் வளைந்த பக்கத்தை மழுங்கலுக்கும் பயன்படுத்துங்கள். முதலில் கன்னத்தில் வைத்துக் காட்டி, "இதுதான் சரியான உணர்ச்சி" என்று சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி மற்ற இடங்களில் தொட்டு, கன்னத்தில் தெரிந்ததுபோலவே இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியே தெரிந்தால் 2, மங்கலாகவோ மாறியோ தெரிந்தால் 1, தெரியாவிட்டால் 0. கூர்மையும் மழுங்கலும் பிரித்துத் தெரிகிறதா என்று சந்தேகம் வந்தால் கலைத்துப் போட்டுப் பத்து முறை கேளுங்கள். எட்டு முறையாவது சரியாகச் சொன்னால்தான் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

தசைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். இங்கே முக்கியமானது 3. கீழே இழுக்கும் புவியீர்ப்பை எதிர்த்து, முழு வீச்சுக்கும் தானே தூக்கினால் 3. அதற்குக் குறைவாக அசைவு இருந்தாலும், அந்தப் படியை "இருக்கிறது" என்று எண்ணக் கூடாது.

"நெஞ்சுக்குக் கீழே ஒண்ணும் தெரியல, கையிலயும் பிடி இல்ல"

அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான். முலைக்காம்பு மட்டம் டி4 என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். மரத்துப்போன கோடு அதற்குச் சற்று மேலே நிற்கிறது என்றால் "டி3, டி4 அடி" என்று உடனே எழுதத் தோன்றும். ஆனால் மேல்மார்பின் தோலில் ஒரு விசித்திரம் உண்டு. காறை எலும்புக்குக் கீழே நாம் தொடுகிற இடத்துக்கு உணர்ச்சி, கழுத்தின் நான்காவது படியிலிருந்து வருகிறது. தோளில் போட்ட துண்டுபோல சி4 மார்பின் மேல்பகுதியில் தொங்கிக்கொண்டிருக்கும். அது முடிந்ததும் அடுத்த அங்குலத்தில் டி2, டி3 தொடங்கிவிடும். நடுவிலுள்ள சி5 முதல் டி1 வரையான படிகள் மார்பில் இடம்பெறுவதே இல்லை, அவை முழுக்கக் கைக்குப் போய்விட்டன.

அதனால் கழுத்தில் எங்கே அடிபட்டாலும், சி4-க்குக் கீழே என்றால், மார்பில் மரத்துப்போகும் கோடு ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். சி5 அடிக்கும் சி8 அடிக்கும் மார்புக் கோட்டில் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் கையில்தான் இருக்கிறது. மார்பில் கோடு தெரிந்தால் உடனே கைக்குப் போங்கள்.

கையில் தொட வேண்டிய இடங்கள் ஆறு. முழங்கை மடிப்பின் வெளிப்பக்கம் சி5. கட்டைவிரல் சி6. நடுவிரல் சி7. சுண்டுவிரல் சி8. முழங்கை மடிப்பின் உள்பக்கம் டி1. அக்குளின் உச்சி டி2. கட்டைவிரலில் தொடங்கி சுண்டுவிரல் வழியாக உட்பக்கமாகவே அக்குளுக்கு ஏறுகிறோம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது. தசையும் அதே வரிசை: முழங்கையை மடக்குவது சி5, மணிக்கட்டைப் பின்னால் தூக்குவது சி6, முழங்கையை நீட்டுவது சி7, நடுவிரலின் நுனிக் கணுவை மடக்குவது சி8, சுண்டுவிரலை மற்ற விரல்களிலிருந்து விலக்குவது டி1.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தாம்பரம் பக்கம் சாரத்திலிருந்து விழுந்த 28 வயது பெயின்டர். நெஞ்சு பக்கத்தில் மரத்துப்போய், நெஞ்சுப் பகுதிக்கு மட்டும் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், அதில் ஒன்றும் இல்லை. "கையை அசைக்கிறாரே" என்பதால் கழுத்தை யாரும் சந்தேகப்படவில்லை. இப்போது பார்க்கிறோம். முழங்கை மடக்குதல் இரண்டு பக்கமும் 5. மணிக்கட்டுத் தூக்கல் வலது 4, இடது 3. முழங்கை நீட்டல் வலது 1, இடது 0. விரல்கள் 0. உணர்ச்சியில் முழங்கை வெளிப்பக்கம் இரண்டும் 2. கட்டைவிரல் வலது 2, இடது 1. நடுவிரல் இரண்டும் 1. சுண்டுவிரல், முழங்கை உள்பக்கம், அக்குள் எல்லாம் 0. மேல்மார்பு 2, முலைக்காம்பு மட்டம் 0.

இப்போது தசைக் கணக்கு: 3 அல்லது அதற்கு மேல் கிடைத்த கடைசித் தசை எது, அதற்கு மேலுள்ளவை எல்லாம் 5-ஆ என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் மணிக்கட்டுதான், ஆக தசை லெவல் சி6. உணர்ச்சி லெவல் வலதில் சி6. இடதில் கட்டைவிரல் 1 என்பதால் அது சேராது, சி5. நான்கில் மிக மேலே இருப்பதுதான் மொத்த லெவல். ஆக இவர் சி5. மார்பை மட்டும் பார்த்திருந்தால் டி3 என்று எழுதி, கழுத்துக்கு காலர்கூடப் போடாமல் புரட்டியிருப்பார்கள்.

முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸைப் பார்க்கும்போது ஏமாறுவது சுலபம். கை பக்கவாட்டில் கிடக்கும்போது "நீட்டு" என்றால், நோயாளி தோளைச் சுழற்றிக் கையை வெளியே திருப்புவார், முன்கை தன் எடையிலேயே விழுந்து நீளும். பார்ப்பவருக்கு நீட்டியதுபோலத் தெரியும். அதைத் தவிர்க்க, மேற்கையை நேராக மேலே தூக்கிப் பிடித்து, முழங்கையை முழுக்க மடித்து, உள்ளங்கை காதருகே இருக்கும்படி வையுங்கள். அங்கிருந்து கூரையை நோக்கி நீட்டச் சொல்லுங்கள். நீட்ட முடியாவிட்டாலும் மேற்கையின் பின்பக்கம் விரலை வைத்திருங்கள், தசை துடித்தால் 1 உண்டு.

அந்த 1 சின்ன விஷயமல்ல. சி6-க்கும் சி7-க்கும் நடுவில்தான், கையை ஊன்றி உடம்பைத் தூக்கி வீல்சேருக்கு மாறுவது எளிதா கஷ்டமா என்பது பெரும்பாலும் முடிவாகிறது. லெவலுக்கு அடுத்த படியில் ஆரம்பத்திலேயே துடிப்பு இருந்தால், முதல் ஆண்டுக்குள் அந்தத் தசை பயன்படும் அளவுக்கு வலுவாவது பலருக்கு நடக்கிறது. நம் உதாரணத்தில் வலது கைக்கு அந்த வாய்ப்பு இடது கையைவிட அதிகம்.

கடைசியாக ஆசனவாயைச் சுற்றிய உணர்ச்சி. கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள், விடக் கூடாது. டாக்டர் கையுறை போட்டு, சுற்றிலும் தொட்டும் குத்தியும், உள்ளே விரலால் அழுத்தியும், சுருக்கச் சொல்லியும் பார்ப்பார். தண்டுவடத்தின் கடைசிப் படிகளான எஸ்4, எஸ்5 இவை. இங்கே எதுவுமே தெரியாமல், சுருக்கவும் முடியாவிட்டால் முழுக் காயம். தொடுதல் மட்டும் தெரிந்தாலும் அது அரைகுறைக் காயம், அடியைத் தாண்டி ஏதோ ஒரு நரம்பு இழை கீழே போய் வருகிறது. இங்கே குத்தல் தெரிந்தவருக்கு, தொடுதல் மட்டும் தெரிந்தவரைவிட, காலில் அசைவு திரும்பும் வாய்ப்பு கூடுதல்.

"டம்ளரைப் பிடிக்கிறார், ஆனா விரல் அசையலன்னு சொல்றீங்க"

சி6 ஆளிடம் இது தினமும் வரும் சந்தேகம். மணிக்கட்டைப் பின்னால் தூக்கினால், விரல் மடக்கும் தசைநார்கள் இழுபட்டு விரல்கள் தாமாக மூடும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரல்கள் திறக்கும். இதில் விரல் தசை வேலை செய்வதே இல்லை, மணிக்கட்டின் வேலைதான் விரலில் தெரிகிறது. சோதிப்பதற்கு மணிக்கட்டை நடுநிலையில் உங்கள் கையால் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டு, நடுவிரல் நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். மடங்காவிட்டால் சி8 இல்லை.

இல்லை என்றாலும் இந்தப் பிடி இழக்கக் கூடாத சொத்து. எவர்சில்வர் டம்ளர், போன், சீப்பு போன்ற இலேசான சாமான்களை இதனால் எடுக்க முடியும். ஆனால் வீட்டில் நல்லெண்ணத்தில் ஒரு தவறு செய்வார்கள். விரல் சுருண்டிருக்கிறதே என்று தினமும் மணிக்கட்டையும் பின்னால் வளைத்து, விரல்களையும் சேர்த்து நேராக நீட்டி "எக்சர்சைஸ்" செய்வார்கள். சில மாதத்தில் தசைநார் தளர்ந்து, மணிக்கட்டைத் தூக்கினாலும் விரல் மூடாது. விரலை நீட்டும்போது மணிக்கட்டு முன்னால் மடிந்திருக்க வேண்டும். மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் மடங்கியிருக்க வேண்டும். கையை ஊன்றி நகரும்போதும் உள்ளங்கையை விரித்து ஊன்றாமல், விரல்களை மடக்கியே ஊன்றப் பழக்குங்கள்.

"ரிப்போர்ட்டில் டி12 முறிவு, ஆனா முட்டியை நீட்டுறார்"

ரிப்போர்ட் தப்பில்லை. தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை வருவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்புகளான எல்1, எல்2 பக்கத்திலேயே அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரை வால்போலத் தொங்குகின்றன. தண்டுவடம் குட்டையாக இருப்பதால் அதன் படிகள் எலும்புக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். கழுத்தில் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு படி, மேல் நெஞ்சில் இரண்டு படி. டி11, டி12 எலும்புகளுக்குள் இடுப்புப் படிகள் நெருக்கியடித்து இருக்கும். எல்1-க்குள் கடைசி எஸ் படிகள் இருக்கும்.

தென்னை மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்து, காலிலோ பிட்டத்திலோ இறங்கினால் முறிவது பெரும்பாலும் இந்த டி12, எல்1 பகுதிதான். இங்கே சில மில்லிமீட்டர் மேலே, கீழே அடி நகர்ந்தாலும் படிகள் பல மாறிவிடும். அதனால் எலும்பு நம்பரை வைத்துக் காலைக் கணிக்கக் கூடாது, காலையே பார்க்க வேண்டும். தொடையை வயிற்றை நோக்கி மடக்குவது எல்2. முட்டியை நீட்டுவது எல்3. பாதத்தை மேலே தூக்குவது எல்4. கால் கட்டைவிரலைத் தூக்குவது எல்5. பாதத்தைக் கீழே அழுத்துவது எஸ்1. முட்டி 4, பாதத் தூக்கல் 2 என்றால் அந்தப் பக்கத் தசை லெவல் எல்3. முட்டி நிற்க உதவும், ஆனால் நடக்கும்போது பாதம் தொங்கித் தரையில் உரசும், கணுக்காலுக்கு ஸ்பிளின்ட் வேண்டியிருக்கும்.

இந்தப் பகுதியில் ஏமாற்றுவது காலில்லை, சிறுநீர்ப்பைதான். எல்1 முறிவில் கால்கள் ஏறக்குறைய நன்றாக நடந்துகொண்டே, எஸ் படிகள் மட்டும் அடிபட்டிருக்கலாம். "நடக்குறாரே, யூரினும் கொஞ்சம் கொஞ்சமா போகுது" என்பார்கள். அது போவதில்லை, வழிகிறது: பை நிரம்பித் தாங்காமல் சொட்டுகிறது. சைக்கிள் சீட் படும் இடம் முழுக்க மரத்திருந்தால், ஆசனவாயைச் சுருக்க முடியாவிட்டால், சிறுநீர் போன பின்னும் பையில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் அளக்கச் சொல்லுங்கள். இது தாமதிக்கும் விஷயமல்ல, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

"கால் தானா துள்ளுது, அசைவு வந்துருச்சா?"

அடிபட்ட முதல் நாட்களில் கால் துவண்டு கிடக்கும். வாரங்கள் போனபின், அடி டி12-க்கு மேலே இருந்தால், கால் விறைத்துத் துள்ள ஆரம்பிக்கும். போர்வையை இழுத்தாலே முட்டி மடங்கும். மூளையிலிருந்து கட்டளை வராத நிலையில், அடிக்குக் கீழே பிழைத்திருக்கும் தண்டுவடம் தன் போக்கில் தசையைச் சுண்டுவதுதான் இது. தொடாமல், போர்வையை இழுக்காமல், "கட்டைவிரலை மேலே தூக்கு", "விடு" என்று மூன்று முறை சொல்லுங்கள். சொன்னபோது மட்டும் தூக்கி, சொன்னபோது விட்டால்தான் அசைவு. வால் பகுதி அடி என்றால் இந்தத் துள்ளல் வராது. கால் தளர்ந்தே இருந்து தொடைச் சதை மெலியும். துள்ளுகிறதா, தளர்கிறதா என்பதே அடி தண்டிலா, வேரிலா என்று சொல்லிவிடும்.

"கை மோசம், கால் பரவாயில்ல" அல்லது "பாதி பாதியா இருக்கு"

வயதானவர் குளியலறையில் வழுக்கி, முகம் குப்புற விழுந்து, கழுத்து பின்னால் மடிகிறது. எக்ஸ்ரேயில் முறிவில்லை. ஆனால் கைவிரல் வேலை செய்யவில்லை, காலால் நடக்க முடிகிறது. கழுத்துத் தண்டுவடத்தின் உள்மையப் பகுதி நசுங்கினால் இப்படித்தான் இருக்கும். லெவல் கணக்கு இங்கேயும் கழுத்துதான், காலை வைத்து "கழுத்து இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள்.

ஒரு பக்கம் வலு போய், எதிர்ப்பக்கம் குத்தலும் சூடும் தெரியாமல் போனால் தண்டுவடத்தின் ஒரு பாதி அடிபட்டிருக்கிறது. வலுவுக்கான இழைகள் அதே பக்கம் இறங்குகின்றன, குத்தல், சூட்டுக்கான இழைகளோ நுழைந்த ஓரிரு படிக்குள் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகின்றன. வலு உள்ள காலைத்தான் இவர்கள் சுட்டுக்கொள்வார்கள். வெயிலில் நின்ற பைக் சீட்டும் சைலன்சரும் அந்தக் காலுக்குத் தெரியாது.

"தலை பிளக்குது, முகம் சிவந்து வேர்க்குது"

லெவல் டி6 அல்லது அதற்கு மேலே என்றால் இதை வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். அடிக்குக் கீழே ஏதோ உறுத்துகிறது, அந்தச் செய்தி மூளைக்குப் போவதில்லை, ஆனால் கீழுள்ள ரத்தக்குழாய்கள் இறுகி பிரஷர் ஏறுகிறது. இவர்களின் வழக்கமான மேல் பிரஷர் 90 முதல் 110 வரைதான் இருக்கும். அதனால் 140 என்றால் "நார்மல்தானே" என்று விட்டுவிடக் கூடாது, வழக்கத்தைவிட 20 முதல் 40 ஏறினாலே ஆபத்து. உடனே உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். இறுக்கமான துணி, பெல்ட்டைத் தளர்த்துங்கள். கத்தீட்டர் குழாய் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான், அடுத்தது மலச்சிக்கல். சில நிமிடத்துக்கு ஒரு முறை பிரஷர் பார்த்து, இறங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

இதே ஆட்களுக்கு அடிக்குக் கீழே வேர்க்காது. சித்திரை வெயிலில் உடம்பு சூட்டைக் கழிக்க வழியில்லாமல் காய்ச்சல்போலக் கொதிக்கும். தொற்று என்று மருந்து தேடுமுன், ஃபேனுக்குக் கீழே படுக்க வைத்து ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். அரை மணியில் இறங்காவிட்டால் அது வேறு காய்ச்சல், டாக்டரிடம் போங்கள்.

"நேத்து கட்டைவிரல் தெரிஞ்சுது, இன்னிக்குத் தெரியல"

முதல் நாட்களில் ஒரே ஆள், ஒரே தாளில், தேதியும் நேரமும் போட்டு எழுதுவது இதற்குத்தான். முதல் நாள் அதிர்ச்சியிலும் மருந்து மயக்கத்திலும் பதில்கள் நம்பும்படி இருக்காது, 72 மணி நேரத்துக்குப் பக்கத்தில் எடுத்த கணக்கைத்தான் பின்னால் ஒப்பிட அடிப்படையாக வைத்துக்கொள்கிறோம். அதற்காக நடுவில் பார்க்காமல் விடக் கூடாது. லெவல் கீழே இறங்குவது நல்ல செய்தி. மேலே ஏறினால், வீக்கமோ ரத்தக் கசிவோ எலும்பு நகர்வோ இருக்கலாம், அந்த நிமிடமே டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

கழுத்தில் ஏற்றம் என்றால் மூச்சைக் கவனியுங்கள். மூச்சை இழுக்கும் உதரவிதானத்துக்கு நரம்பு சி3, சி4, சி5-லிருந்து வருகிறது. நம் பெயின்டர் சி5-ல் இருக்கிறார், விளிம்பில். மூச்சு இழுக்கும்போது அவர் வயிறு மேலே எழும், மார்பு உள்ளே அமுங்கும். விலாத் தசைகள் வேலை செய்யாததால் இது எதிர்பார்த்ததுதான், இருமலும் பலவீனமாகத்தான் இருக்கும். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லி, எத்தனையில் நிற்கிறார் என்று காலையும் மாலையும் எழுதுங்கள். நேற்று 20 வரை போனவர் இன்று 12-ல் நின்றால், தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சு வாங்கினால், ஆக்சிஜன் கருவியில் எண் இன்னும் நன்றாக இருந்தாலும் ஐசியு டாக்டரை எழுப்புங்கள். அந்த எண் கடைசியில்தான் விழும்.